பஸ் நிற்கும் 15 நிமிடத்தில் 20 பர்கர்: கட்டும் மேசை எங்கே சிக்குகிறது?

ஏ9 வீதியில் சாப்பாட்டுக் கடை நடத்துபவருக்கு வியாபாரம் நாள் முழுக்கச் சீராக வருவதில்லை. கொழும்பு - யாழ்ப்பாணம் பஸ் ஒன்று வந்து நிற்கும். ஆட்கள் இறங்குவார்கள். கண்டக்டர் “15 நிமிசம்தான்” என்று சொல்லிவிட்டுப் பிளேன்ரீ குடிக்கப் போவார். சோறும் ரொட்டியும் விற்கும் கடைக்கு இது பழகிய கதை. பாத்திரத்தில் இருப்பதை அள்ளிப் போட்டால் முடிந்தது. பர்கர், சான்ட்விச், ராப் என்று தொடங்கிய கடைக்குத்தான் கஷ்டம். ஒவ்வொன்றையும் அந்த நேரத்தில் அடுக்கிக் கட்டிக் கொடுக்க வேண்டும். பாதிப் பேர் காசைக் கட்டிவிட்டுச் சாமான் வருமுன் பஸ்ஸில் ஏறிவிடுவார்கள், அல்லது வரிசையைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடையில் கச்சானை வாங்கிக்கொண்டு போவார்கள்.

மாங்குளம் சந்திப் பக்கம் இப்படி ஒரு கடை இருக்கிறது, நாலு பேர் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 15 நிமிடத்தில் இறங்கி வர 3 நிமிடம், திரும்பி ஏற 2 நிமிடம் போனால் மிச்சம் 10 நிமிடம், அதாவது 600 செக்கன். ஒரு பஸ்ஸுக்கு 20 சாமான் விற்க வேண்டும் என்றால் 30 செக்கனுக்கு ஒன்று மேசையை விட்டு வெளியே போக வேண்டும். இந்த 30 செக்கன்தான் கடையின் தாளம். கீழே வரும் எல்லாக் கணக்கும் இதை வைத்துத்தான். உங்கள் கடைக்கு வேறு எண் வரலாம், ஆனால் ஏதாவது ஒரு எண்ணைச் சுவரில் எழுதி வைக்காமல் “கெதியாச் செய், கெதியாச் செய்” என்று பொடியன்களைக் கத்துவதில் பலன் இல்லை.

எல்லார் கையும் ஓடுகிறது, வரிசை மட்டும் குறையவில்லை

முதலில் செய்ய வேண்டியது, சும்மா ஓர் ஓரமாக நின்று பார்ப்பது. மேசையில் எந்த இடத்துக்கு முன்னால் சாமான் குவிந்து கிடக்கிறது? எந்த இடத்துக்குப் பிறகு ஆள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்? அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவரிடம்தான் சிக்கல். அவர் சோம்பேறி என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் அவர்தான் அந்தக் கடையில் அதிகம் உழைப்பவர். அவர் தலையில் கட்டிய வேலை கூடிப்போயிருக்கும்.

பிறகு போனில் செக்கன் கணக்கை ஓட விட்டு, ஒவ்வொரு இடத்திலும் ஐந்தாறு பர்கரை அளந்து சராசரி எடுங்கள். நம் மாங்குளம் கடையில் இப்படி வந்தது என்று வைப்போம். ஓடர் எடுத்துக் காசு வாங்க 25 செக்கன். பணிஸ் சுடுபவர் கல்லில் ஒரே தடவையில் 6 பணிஸ் போடுகிறார். வைத்து, சுட்டு, எடுக்க 84 செக்கன், ஆக ஒன்றுக்கு 14. கட்டுபவருக்கு 52. கடதாசியில் சுற்றிக் கொடுப்பவருக்கு 20.

52 தான் அடைப்பு. காசு மேசையில் எவ்வளவு வேகம் காட்டினாலும், பணிஸை எவ்வளவு கெதியாகச் சுட்டாலும், 52 செக்கனுக்கு ஒன்றுதான் வெளியே வரும். 20 பர்கருக்கு 1,040 செக்கன், 17 நிமிடத்துக்கும் மேல். பஸ் கிளிநொச்சியைப் பார்த்துப் போய்விடும். இந்த நிலையில் இரண்டாவது சுடுகல் வாங்குவது வீண் செலவு. கடைக்காரர்கள் முதலில் வாங்குவது அதைத்தான்.

52 செக்கனை உடைத்துப் பார்த்தால் விஷயம் தெரியும். கரண்டியால் சோஸ் எடுத்துப் பூச 12. கோவா, வெங்காயம், தக்காளி எடுத்து அடுக்க 18. திரும்பிப் பின்னால் இருக்கும் தட்டில் கோழித் துண்டு எடுக்க 14. மூடி அடுத்தவரிடம் தள்ள 8. இதில் கைவேகத்தால் குறையக்கூடியது கொஞ்சம்தான். பொருளும் கருவியும் இருக்கும் இடத்தை மாற்றினால் குறைவது நிறைய.

சோஸைக் கரண்டியை விட்டுப் பிதுக்கும் போத்தலுக்கு மாற்றி, முனையைக் கொஞ்சம் அகலமாக வெட்டினால் 12 செக்கன் 5 ஆகும். அந்த 5 செக்கன் வேலையைப் பணிஸ் சுடுபவரிடம் கொடுத்துவிடலாம். அவரிடம் நேரம் இருக்கிறது. அவருக்கு 14 உம் 5 உம் சேர்த்து 19. கோழித் தட்டைக் கட்டுபவரின் வலக்கைப் பக்கம், உடம்பைத் திருப்பாமல் எட்டும் தூரத்தில் வைத்தால் 14 செக்கன் 6 ஆகும். மரக்கறியை வைக்கும் ஒழுங்கிலேயே இடமிருந்து வலமாகக் கிண்ணங்களில் வைத்து, தக்காளியை இரண்டு இரண்டு வளையமாக முன்பே பிரித்து வைத்தால் 18 செக்கன் 12 ஆகும். மூடும் 8 செக்கனைச் சுற்றுபவரிடம் தள்ளுங்கள். இப்போது காசு மேசை 25, பணிஸ் 19, கட்டுபவர் 18, சுற்றுபவர் 28. நாலு பேரும் 30க்குள் வந்துவிட்டார்கள், புதிதாக ஆள் எடுக்காமல்.

பஸ் கண்ணில் பட்டதுமே முதல் 6 பணிஸைக் கல்லில் போட்டுவிட்டால், முதல் பர்கர் ஓடர் சொல்லி 76 செக்கனில் கைக்கு வரும்: காசு 25, சோஸ் 5, கட்ட 18, சுற்ற 28. பிறகு 28 செக்கனுக்கு ஒன்று. இருபதாவது 608 ஆவது செக்கனில் முடியும். 8 செக்கன் கூடிவிட்டதே என்று மனம் உடைய வேண்டாம், கண்டக்டர் பிளேன்ரீ குடித்து முடிக்க அதைவிடக் கூட நேரம் எடுப்பார்.

ஒருவர் லீவு போட்டால்? பணிஸ் சுடுவதையும் கட்டுவதையும் ஒரே ஆள் செய்தால் 19 உம் 18 உம் சேர்ந்து 37. 600 செக்கனில் 16 தான் வரும். அன்றைக்கு 16க்கு மேல் ஓடர் எடுக்காதீர்கள். எடுத்தால் கடைசி நாலு பேரின் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும்.

மேசையை ஆணி அடித்து நிலைக்க வைக்கும் முன் முற்றத்தில் சோக்கால் அதே அளவில் கீறி, வெறுங்கையோடு பர்கர் கட்டுவது போல நின்று பாருங்கள். இது சிரிப்பு வேலை இல்லை. 1948இல் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் வேகச் சமையல் முறையைத் தொடங்கிய மக்டொனால்ட் சகோதரர்கள் பிறகு புதிய கடைக்குச் சமையலறையைத் திட்டமிட்டபோது டென்னிஸ் மைதானத்தில் சோக்கால் கீறி, வேலையாட்களை அதில் நடமாட விட்டுத்தான் அடுப்பையும் மேசையையும் எங்கே வைப்பது என்று முடிவெடுத்தார்கள். இரண்டு பேர் முழங்கை இடிபடும் இடமும், ஒருவர் ஓர் அடி எட்டி வைக்க வேண்டிய இடமும் சோக்குக் கோட்டில் உடனே தெரிந்துவிடும்.

தொடக்கத்தில் நல்ல வேகம், ஏழெட்டு பர்கருக்குப் பிறகு படுத்துவிடுகிறது

இது கைக் கோளாறு இல்லை, கிண்ணக் கோளாறு. கட்டுபவர் நடுவில் கோவா வெட்டப் போகிறார், அல்லது சோஸ் போத்தலை நிரப்பப் போகிறார். ஒரு தடவை போய் வர 60 செக்கன் என்றால் இரண்டு பர்கர் போயிற்று.

ஒவ்வொரு கிண்ணமும் ஒரு பஸ்ஸுக்குத் தாங்க வேண்டும். 20 சாமானுக்கு 24 பங்கு என்று நிரப்புங்கள். மேசைக்கு அடியில் அதே மாதிரி நிரப்பிய இரண்டாவது கிண்ணம் குளிரில் இருக்கட்டும். முடிந்ததை எடுத்து மாற்றுவதுதான் வேலை, மேலே கொட்டி நிரப்புவது வேண்டாம். பழையதன் மேல் புதியதைக் கொட்டினால் அடியில் கிடப்பது எப்போது வெட்டியது என்று யாருக்கும் தெரியாமல் போகும். கடதாசியையும் முன்பே ஒவ்வொன்றாகப் பிரித்து, ஓரம் விலகி அடுக்கி வையுங்கள். ஒட்டிக்கொண்ட கடதாசியை நகத்தால் பிரிப்பதில் போகும் நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கோழி காய்ந்து சக்கையாக இருக்கிறது, அல்லது சூடே இல்லை

இந்த இரண்டு முறைப்பாடும் ஒரே நாளில் ஒரே கடைக்கு வரும். முதல் பஸ்ஸுக்குப் பொரித்தது இரண்டாவது பஸ் வரும்வரை கிடந்தால் காயும். பயந்து குறைத்துப் பொரித்தால் நடுவில் தீர்ந்துபோய், அவசரத்தில் சரியாக வேகாததை எடுத்துக் கொடுக்க வேண்டிவரும். இரண்டாவதுதான் ஆபத்து. கோழித் துண்டின் தடித்த நடுப்பகுதி 75 பாகை செல்சியஸைத் தொட வேண்டும். வெளி நிறத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று கடையில் இருக்கட்டும். வெந்த பிறகு கொடுக்கும்வரை 60 பாகைக்கு மேலே இருக்க வேண்டும்.

எப்படிச் சூடாக வைப்பது என்பது கோழியின் வகையைப் பொறுத்தது. தூள் பிரட்டிப் பொரித்த துண்டுக்கு உலர் சூடு வேண்டும். கம்பித் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வைத்து, மேலே சூட்டு விளக்கு, அல்லது அடியில் மிகச் சிறிய தீ. மூடி போட்டால் தன் ஆவியிலேயே நனைந்து மொறுமொறுப்புப் போய்விடும். அப்படி வைத்தாலும் 20 நிமிடம்தான் நல்லாயிருக்கும். பிரட்டலாகச் செய்து உதிர்த்த கோழி வேறு மாதிரி. சுடுநீருக்குள் இறக்கிய தட்டில், மூடி போட்டு, கொஞ்சம் குழம்போடு வைத்தால் இரண்டு மணி நேரம் ருசி கெடாமல் தாங்கும். தண்ணீர் 80 பாகைக்குக் குறையாமல் இருந்தால்தான் மேலே இருக்கும் இறைச்சி 60க்கு மேல் நிற்கும். ஆனால் சுடுநீர்த் தட்டில் ஆறிய கறியைச் சூடாக்க முடியாது. அடுப்பில் நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் அதில் இறக்க வேண்டும்.

இதனால் என் அபிப்பிராயம், சிறிய கடை பொரித்த கோழியைப் பர்கருக்கு மட்டும் வைத்துக்கொண்டு, சான்ட்விச்சுக்கும் ராப்புக்கும் உதிர்த்த கோழிக்குப் போய்விடுவது. 20 ஓடரில் 10 தான் பர்கர் என்றால் பொரிக்கும் அவசரம் பாதியாகக் குறையும்.

எப்போது அடுத்த தொகுதியை எண்ணெயில் போடுவது? பத்து நிமிடத்தில் 10 பர்கர் என்றால் நிமிடத்துக்கு ஒரு துண்டு போகிறது. மெல்லிதாகத் தட்டிய துண்டு 170 பாகை எண்ணெயில் வேக 6 நிமிடம் எடுக்கிறது என்று வைத்தால், அந்த 6 நிமிடத்தில் 6 துண்டு விற்றுவிடும். கைகாவலுக்கு 2 சேருங்கள். தட்டில் 8 துண்டு மிச்சம் இருக்கும்போது அடுத்ததைப் போட வேண்டும். கம்பித் தட்டில் ஒன்பதாவது துண்டு இருக்கும் இடத்தில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டிவிட்டால், பொரிக்கும் தம்பிக்குக் கணக்கே தேவையில்லை: நூல் தெரிந்தால் போடு. பஸ் ஹோர்ன் அடித்துவிட்டால் நூல் தெரிந்தாலும் போடாதே. 20 நிமிடத்துக்குத்தான் தாங்கும் என்பதால், நிமிடத்துக்கு ஒன்று போகும் கடையில் 20 துண்டுக்கு மேல் ஒருபோதும் தட்டில் இருக்கக் கூடாது. தொகுதி இறங்கிய நேரத்தைத் தட்டின் ஓரத்தில் மாக்கரால் எழுதுங்கள். மனதில் வைத்திருந்தால் பின்னேரம் எல்லாத் தொகுதியும் “இப்பத்தான் பொரிச்சது” ஆகிவிடும்.

பர்கரின் அடிப்பக்கம் ஊறிப் பிய்கிறது

பஸ்ஸில் ஏறிப் பிரிக்கும்போது கையோடு வருகிறது என்றால், தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கடதாசியின் உட்பக்கம் முத்து முத்தாக நீர் இருந்தால், எண்ணெயில் இருந்து எடுத்த கையோடு சுற்றியிருக்கிறார்கள். கம்பித் தட்டில் ஒரு நிமிடம் ஆவி போக விட வேண்டும். அதோடு பர்கரைக் கடதாசியில் சுற்றிய பிறகு பொலித்தீன் பையில் போட்டு முடிச்சுப் போடும் பழக்கத்தையும் விடுங்கள்.

பணிஸின் வெட்டுமுகம் மட்டும் ஊறியிருந்தால் சுட்டது போதவில்லை. வெட்டுமுகம் பொன்னிறமாகி, விரலால் தட்டினால் லேசான சத்தம் வர வேண்டும். அந்த மேல்தோல்தான் சோஸை உள்ளே விடாமல் தடுக்கிறது. அதன்மேல் முதலில் மயோனைஸ் அல்லது பட்டர், அதாவது கொழுப்பு, பிறகு சலாது இலை, பிறகு கோழி, அதற்கு மேலே தக்காளியும் வெங்காயமும், மேல் மூடியில் சில்லி சோஸ். தக்காளி நேரே பாணில் படவே கூடாது. வெட்டிய தக்காளியை அரிதட்டில் பத்து நிமிடம் வடிய விடுங்கள். கோவாவுக்கு உப்பைக் காலையிலேயே போட்டுப் பிசைந்தால் மத்தியானத்துக்குள் அது தண்ணீர் விட்டுப் பணிஸை ஊறவைத்துவிடும்.

சோளகம் அடிக்கும் மாதங்களில் எதிர்ப்பக்கத் தொல்லை வரும். வெட்டி வைத்த பாண் துண்டின் ஓரம் காய்ந்து, சான்ட்விச்சை மடித்தால் பிளக்கும். பாணை ஈரத்துணி போட்டு மூடுபவர்கள் இருக்கிறார்கள், அது பூசணத்துக்கு வழி. மூடியுள்ள பெட்டியில், தேவையானதை மட்டும் அவ்வப்போது வெட்டி வைத்தால் போதும்.

ராப் பிரிகிறது, வெடிக்கிறது, வரிசையையும் நிறுத்துகிறது

ரொட்டி குளிராக இருந்தால் மடிக்கும்போது வெடிக்கும். ஒவ்வொரு பக்கமும் 10 செக்கன் கல்லில் காட்டி, வளைந்து கொடுக்கும்போதே சுற்ற வேண்டும். அதற்கு மேல் விட்டால் அப்பளம்தான். நிரப்புவதைக் கீழ் மூன்றில் ஒரு பங்கில் மட்டும் வைத்து, இரண்டு பக்கத்தையும் உள்ளே மடித்து, பிறகு இறுக்கிச் சுருட்டுங்கள். கடையில் வாங்கும் ரொட்டி கிடைக்காத நாளில் வீச்சு ரொட்டி நல்ல மாற்று. அது மெல்லிது, எண்ணெய் பிடித்தது, வெடிக்காது. சோஸை மட்டும் பாதியாகக் குறைக்க வேண்டும்.

வேகத்துக்கு வந்தால், ராப் ஒன்றைச் சுருட்டிச் சுற்ற 40 செக்கன் எடுக்கிறது என்று வைப்போம். சுற்றுபவரின் 28ஐ விட 12 கூட. ஒரு பஸ்ஸில் 6 ராப் போனால் 72 செக்கன் தாமதம், இரண்டு பர்கருக்கு மேல் நட்டம். ஆட்களைத் திட்டுவதால் இது குறையாது. உதிர்த்த கோழி ராப் 6ஐ, பஸ் வருவதற்குச் சற்று முன்பே சுருட்டி, மடிப்பு கீழே இருக்கும்படி கல்லின் சூடு குறைந்த ஓரத்தில் வைத்துவிடுங்கள். மடிப்பும் ஒட்டிக்கொள்ளும். உள்ளே சலாது வைக்காதீர்கள், வாடிவிடும். கோவாவும் கரட்டும் தாங்கும். பத்து நிமிடத்துக்குள் போய்விட வேண்டும். பஸ் பிந்தினால் அவை கடைப் பொடியன்களின் மத்தியானச் சாப்பாடு.

மயோனைஸ் பிரிகிறது, சலாது வாடுகிறது, வெட்டிய மரக்கறி மணக்கிறது

குளிர் போதவில்லை. குளிராக வைக்க வேண்டியது 5 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். பிரிட்ஜை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை திறந்தால் அது ஒருபோதும் அங்கே இறங்காது. மேசைக் கிண்ணங்களை உடைத்த ஐஸ் பரப்பிய தட்டில் பாதி புதையும்படி இறக்கி வையுங்கள். ஐஸுக்கு மேலே சும்மா வைத்தால் அடி மட்டும்தான் குளிரும். பொதுவாகச் சமைத்த உணவோ மயோனைஸ் கலந்ததோ வெளியே இரண்டு மணி நேரம் இருக்கலாம் என்பார்கள். ஆனால் வெளிச்சூடு 32 பாகையைத் தாண்டினால் அது ஒரு மணி நேரம்தான். வன்னியில் பங்குனி, சித்திரை மத்தியானத்தில் தகரக் கூரைக்குக் கீழே எந்தக் கணக்கு பொருந்தும் என்று சொல்லத் தேவையில்லை. மயோனைஸைக் கடையில் பச்சை முட்டையில் அடிக்காமல் போத்தலில் வருவதையே வாங்குங்கள்.

கரண்ட் போனால் முதல் வேலை பிரிட்ஜைத் திறக்காமல் விடுவது. மூடியபடி இருந்தால் நாலு மணி நேரம் அளவுக்குத் தாங்கும். அன்றைய பஸ்ஸுக்குத் தேவையான கிண்ணங்களை ஐஸோடு ரெஜிபோம் பெட்டியில் முன்பே வைத்திருந்தால் திறக்கும் தேவையே வராது. சுடுகல்லும் பொரிக்கும் அடுப்பும் காஸில் ஓடினால் கரண்ட் இல்லாமலும் மேசை நடக்கும். சூட்டு விளக்குத்தான் அணையும், ஆகவே அன்றைக்கு ஒரு தடவையில் நாலு துண்டுக்கு மேல் பொரிக்காதீர்கள். நூல் கணக்கு அன்றைக்குச் செல்லாது. பர்கர் குறையும், உதிர்த்த கோழியைத் தள்ளி விற்க வேண்டும்.

ஆள் மாறி, சாமான் மாறிப் போகிறது

முட்டை கேட்டவருக்குக் கோழி போகிறது என்றால், ஓடர் வாயால் கடத்தப்படுகிறது. காசு மேசையில் இருந்து ஒரு துண்டுக் கடதாசி எண்ணோடு புறப்பட்டு, பணிஸோடு சேர்ந்தே மேசை முழுக்க நகர வேண்டும். சுற்றியதும் கடதாசியின் மேல் ஓர் எழுத்து: கோழிக்கு ‘கோ’, முட்டைக்கு ‘மு’, மரக்கறிக்கு ‘ம’. கொடுக்கும்போது ஆளின் பெயரையோ முகத்தையோ நம்பாமல் எண்ணைக் கூப்பிடுங்கள். வெள்ளிக்கிழமையில் மரக்கறி கேட்பவர்கள் கூடுவார்கள். அன்று மரக்கறிச் சாமானுக்கு வேறு கத்தியும் கல்லின் வேறு பக்கமும் ஒதுக்கி, அது கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். இல்லாவிட்டால் “அண்ணை, இது இறைச்சி பட்ட கத்தியா?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே 30 செக்கன் போய்விடும்.